காவடிக்குப் பின்னால் நடப்பவர்கள்: பினாங்குத் தைப்பூசத்தை வைத்துச் சடங்குக் கோட்பாடு படிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சமய மானிடவியல் படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் தை மாதம் நெருங்கும்போது என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பாதிப் பேருக்குத் தைப்பூசம் வீட்டுத் திருவிழா, மீதிப் பேருக்கு அதுதான் முதல் கள ஆய்வு. நான் மலேசியாவின் பினாங்கில் வளர்ந்தவன் என்பதால் உதாரணங்கள் எல்லாம் அங்கே முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலையைச் சுற்றியே வரும்.

சடங்கு சமூகத்தை உருவாக்குகிறது என்று பாடத்தில் வருகிறது. சமூகம் முதலில் இருந்தால்தானே சடங்கே நடக்கும்?

இந்தக் கேள்வியை பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைமிடமிருந்து தொடங்க வேண்டும். 1912இல் வெளிவந்த சமய வாழ்வு பற்றிய நூலில் அவர் சொன்னது இதுதான். ஒரு குழு எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதில்லை. மக்கள் பிழைப்புக்காகச் சிதறிக் கிடக்கிறார்கள். குறிப்பிட்ட நாளில் ஓரிடத்தில் கூடி, ஒரே சொல்லைச் சொல்லி, ஒரே அசைவை அசையும்போது அவர்களுக்குள் ஒரு பொங்கெழுச்சி கிளம்புகிறது. தன்னைவிடப் பெரிய ஏதோ ஒன்று தன்னைத் தூக்கிப் போவதாக ஒவ்வொருவருக்கும் தோன்றுகிறது. அந்தப் பெரிய ஒன்று குழுவேதான் என்பது துர்கைமின் வாதம். ஆஸ்திரேலியப் பழங்குடிகளைப் பற்றி மற்றவர்கள் எழுதிய குறிப்புகளை வைத்துத்தான் அவர் இதைச் சொன்னார், அங்கே அவர் போனதே இல்லை. அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பினாங்குக்குக் கொண்டுவந்து பாருங்கள். பட்டர்வொர்த்தில் இருப்பவர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், கெடாவில் தோட்டம் மூடியபின் அடுக்குமாடிக்கு மாறிய குடும்பம், ஜோர்ஜ்டவுனில் கடை வைத்திருப்பவர். வருஷத்தில் மற்ற நாட்களில் இவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. "நாங்கள்" என்று இவர்கள் சொல்லும் அந்த ஆட்கள் ஒருசேரக் கண்ணில் படும் இடம் தண்ணீர்மலைக்குப் போகும் சாலையான ஜாலான் கெபுன் பூங்காதான். சமூகம் ஒரு பேச்சாக, ஒரு நினைப்பாக முன்பே இருக்கிறது. அதை உடம்பால் உணரக் கிடைக்கும் நாள் இது. 'உருவாக்குகிறது' என்ற சொல்லை இந்த அளவில் எடுத்துக்கொண்டால் தடுமாற்றம் இருக்காது.

ஆனால் துர்கைமில் ஒரு குறை உண்டு. அவர் எழுத்தில் கூட்டம் ஒன்றே ஒன்று. தைப்பூசத்தில் நிற்பவருக்குத் தெரியும், அது நூறு சிறிய கூட்டங்களின் கூட்டம். நான் சொல்லப்போகும் மற்றதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

வான் கெனெப்பின் மூன்று கட்டங்களைக் காவடியில் எங்கே எங்கே பிரிப்பது?

மானிடவியலாளர் அர்னால்ட் வான் கெனெப் 1909இல் சொன்னது எளிமையானது. ஒருவர் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும் சடங்குகளில் பிரிதல், இடைநிலை, மீண்டும் சேர்தல் என்று மூன்று கட்டம் உண்டு. ஒரு வீட்டில் அறைக்கு அறை போவதைப் போல என்று அவரே உவமை சொன்னார். இடைநிலைக்கு அவர் எடுத்த லத்தீன் சொல்லுக்கு வாசற்படி என்று பொருள். வாசற்படியில் நிற்காதே, உள்ளே வா, இல்லை வெளியே போ என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்த வாசற்படிதான்.

விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை இது: வேல் குத்தும் இடம் பிரிதல், நடக்கும் பாதை இடைநிலை, மலை உச்சி சேர்தல் என்று ஒரே நாளுக்குள் மூன்றையும் அடைத்துவிடுகிறார்கள். காவடி எடுப்பவர் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்தால் கணக்கே வேறு.

என் அக்கா மகன் காவடி எடுத்த வருஷத்தை வைத்துச் சொல்கிறேன். அவன் 48 நாள் விரதம் இருந்தான். சிலர் 21 நாள் இருப்பார்கள், சிலர் ஒரு வாரம்தான் இருப்பார்கள். மாலை போட்ட அன்றே பிரிதல் தொடங்கிவிட்டது. அவன் தட்டும் டம்ளரும் தனியாகிவிட்டன. கட்டிலை விட்டுத் தரையில் பாய் போட்டான். கவிச்சி கிடையாது, சவரம் கிடையாது, விடியுமுன் பச்சைத் தண்ணீர்க் குளியல். பக்கத்து பிளாக்கில் ஒரு சாவு விழுந்தபோது அவன் போகவில்லை. இறந்தவர் அவனைத் தூக்கி வளர்த்தவர். போகாமல் இருந்ததுதான் அவனுக்கு விரதத்திலேயே கடினமான நாள் என்று பிற்பாடு சொன்னான். அந்த வீட்டாரும் அவன் வரக்கூடாது என்பதை எதிர்பார்த்தார்கள், குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆக, பிரிதலை அவன் மட்டும் செய்யவில்லை, அக்கம்பக்கமும் சேர்ந்து அவனைப் பிரித்து வைத்தது.

இடைநிலை பூச நாளில் உச்சத்துக்குப் போகிறது, சரி. அன்று அவனைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, "சாமி" என்றார்கள். அவனைவிட நாற்பது வயது மூத்தவர்கள் குனிந்து அவன் கையால் திருநீறு வாங்கிக்கொண்டார்கள். மலையேறி, பால் அபிஷேகம் ஆகி, அலகைக் கழற்றிக் காயத்தில் திருநீறு அப்பியதும் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இங்கேதான் மாணவர்கள் நோட்டை மூடிவிடுகிறார்கள்.

ஆனால் அவன் இன்னும் திரும்பி வந்து சேரவில்லை. மாலை இன்னும் கழுத்தில் இருந்தது, வீட்டுக்கு வந்தும் பாயில்தான் படுத்தான். மூன்றாம் நாள் இடும்பன் பூசை. காவடியின் மூலக்கதையே இடும்பனுடையது. அகத்தியருக்காக இரண்டு மலைகளைத் தோள்தண்டில் கட்டித் தூக்கி வந்த அசுரன் அவன். பழனியில் இறக்கி வைத்த மலையை மீண்டும் தூக்க முடியாமல், முருகனோடு சண்டையிட்டு மாண்டு, அவன் அருளால் எழுந்து, மலைவாசலில் காவலாக நின்றவன். பூசை முடிந்தபின் மாலையைக் கழற்றினான். அக்கா கறிச்சோறு போட்டாள், முதல் வாய் அவளே ஊட்டினாள். அவனுக்காக வேலை பார்த்த எல்லாரும் அந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் எல்லாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சேர்தல் அந்த வீட்டுப் பந்தியில் நடந்தது, மலை உச்சியில் நடக்கவில்லை. சில வீடுகளில் இந்தப் பூசைக்குச் சுருட்டும் படைப்பார்கள், சில வீடுகளில் சுத்த சைவம். எது எப்படியானாலும் அந்தச் சாப்பாட்டுக்கு யாரைக் கூப்பிட்டார்கள் என்பதை எழுதி வையுங்கள். குழு என்பது யார் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பட்டியல் கிடைக்காது.

விக்டர் டர்னரின் 'கம்யூனிடாஸ்' என்றால் என்ன? காவடியில் எல்லாரும் சமம் ஆகிவிடுகிறார்கள் என்று எழுதலாமா?

டர்னர் ஸாம்பியாவின் ந்டெம்பு மக்களிடையே கள ஆய்வு செய்த மானிடவியலாளர். வான் கெனெப்பின் நடுக் கட்டத்தை எடுத்துக்கொண்டு, அதில் இருப்பவர்களுக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தார். அந்த நேரத்தில் பதவி, சொத்து, சாதி போன்ற அடையாளங்கள் கழன்று விழுகின்றன. உடையும் ஒன்று, பசியும் ஒன்று. அப்போது ஆட்களுக்கிடையே தோன்றும் நேரடியான, படிநிலை இல்லாத நெருக்கத்துக்குக் கம்யூனிடாஸ் என்று பேர் வைத்தார். அன்றாடச் சமூக அமைப்புக்கு அது எதிர்முகம். அந்த நெருக்கம் தானாகப் பீறிடும் வகை ஒன்று. அதைக் கட்டிக் காக்க விதியும் நிர்வாகமும் வந்தபின் இருக்கும் வகை இன்னொன்று. உலகம் இப்படி இருக்க வேண்டும் என்று கொள்கையாகப் பேசும் வகை மூன்றாவது. பலரும் முதல் வகையோடு நின்றுவிடுகிறார்கள்.

எல்லாரும் சமம் என்று மொட்டையாக எழுதினால் தப்பு. சமத்துவமே இல்லை என்று எழுதினாலும் தப்புதான். கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் நடப்பது தெரியும்.

அந்த வருஷம் என் அக்கா மகனைச் சுற்றி நடந்தவர்களை எண்ணினேன், 14 பேர். முன்னால் உறுமி மேளக்காரர்கள் 5 பேர். பக்கத்தில் அலகு குத்திய பூசாரி, கையில் எலுமிச்சம்பழமும் திருநீற்றுத் தட்டும். அக்கா ஒரு சருவத்தில் மஞ்சள் தண்ணீர் எடுத்து வந்து, நின்ற இடமெல்லாம் அவன் காலில் ஊற்றினாள், வெயிலில் தார்ரோடு அப்படிக் கொதிக்கும். அவனோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் சீன நண்பன் ஒரு முக்காலியைத் தூக்கி வந்தான். காவடியின் பாரம் தோளில் அழுத்தும்போது ஆட்டத்தை நிறுத்தாமலேயே கண்ணால் ஒரு ஜாடை வரும். அந்த நண்பன் சரியாக அந்த நொடியில் முக்காலியைப் பின்னால் நகர்த்திவிடுவான். ஒரு தடவைகூடத் தவறவில்லை. என் மச்சான் கோயில் கமிட்டியில் இருப்பவர், நாலு பேருக்கு வேலை சொல்லியே பழக்கப்பட்டவர். அன்று அவர் செய்த வேலை தண்ணீர் பாட்டில் தூக்கியதுதான். "மாமா, தள்ளி நில்லுங்க" என்று மேளக்காரப் பையன் சொன்னான், தள்ளி நின்றார். இன்னொரு நாளில் அந்தப் பையன் அவரிடம் இப்படிப் பேசியிருக்க முடியாது.

டர்னர் சொன்னது அந்தப் பதினான்கு பேருக்கும் பொருந்தியது. ஆனால் அதே நேரம், எங்களுக்குப் பின்னால் வந்த குழுவோடு எங்கள் ஆட்கள் மேளச் சத்தத்தில் மல்லுக்கு நின்றார்கள். யார் மேளம் கனம், யார் காவடி உயரம், யாருக்கு அருள் பலமாக வந்தது என்று ஒவ்வொரு வளைவிலும் போட்டி. டீசட்டையில் குழுவின் பேர் அச்சடித்து வருகிறார்களே, அதற்குக் காரணமே இந்தப் போட்டிதான். உள்ளே கரைகிற கோடு வெளியே தடிப்பாகிறது. 1991இல் ஜான் ஈட், மைக்கேல் சால்னோ இருவரும் கிறிஸ்தவ யாத்திரைகளைப் பற்றித் தொகுத்த நூலில் டர்னருக்குச் சொன்ன மறுப்பு இந்தத் திசையில்தான் போகிறது. புனிதத்தலம் என்பது எல்லாரும் ஒன்றாகும் இடம் மட்டுமல்ல, பல தரப்பும் தங்கள் அர்த்தத்தைக் கொண்டுவந்து உரசிக்கொள்ளும் அரங்கமும் கூட என்றார்கள்.

ஆகவே சமத்துவம் இருந்ததா என்று கேட்பதைவிட, எந்த அளவுள்ள குழுவுக்குள் இருந்தது, எந்த எல்லையில் நின்றது என்று கேளுங்கள்.

பினாங்கில் வெள்ளித் தேர், தங்கத் தேர் என்று இரண்டு ஓடுகின்றன. சடங்கு ஒற்றுமையைத் தருகிறது என்ற கோட்பாட்டை இது உடைக்கிறதா?

உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. வெள்ளித் தேர் நகரத்தாருடையது. செட்டிநாட்டிலிருந்து வட்டித்தொழிலுக்காக வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கே வேரூன்றியவர்கள். லெபோ பினாங்கில் உள்ள அவர்களது கோயில் வீட்டிலிருந்து, பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலையில் முருகன் தேரேறிப் புறப்படுகிறார். ஜாலான் கெபுன் பூங்காவில் உள்ள நகரத்தார் கோயிலுக்கு வந்து சேர இரவாகிவிடும். வழிநெடுக அர்ச்சனைத் தட்டு, வழிநெடுக தேங்காய். மலைமேல் உள்ள பாலதண்டாயுதபாணி கோயில் இதற்குத் தனி, 513 படி ஏற வேண்டும். 2017இல் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் தங்கத் தேர் முதன்முறையாக ஓடியது. அதில் பவனி வருவது முருகனின் வேல்.

அந்த வருஷம் ஊரில் பேச்சு சூடாகவே இருந்தது. எங்கள் வீட்டிலேயே சாப்பாட்டு மேசையில் இரண்டு கட்சி. காலங்காலமாக வந்த தேர் இருக்க இன்னொன்று எதற்கு என்றார்கள் சிலர். ஒரு சமூகத்தாருக்குச் சொந்தமான தேரின் பின்னால் மற்ற எல்லாரும் போய்க்கொண்டே இருக்க வேண்டுமா, பொதுமக்களுக்கென்று ஒன்று வேண்டாமா என்றார்கள் மற்றவர்கள். கவனியுங்கள், முருகன் யார் என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. பூசம் எந்த நாள் என்பதிலும் இல்லை. தேரை நடத்தும் உரிமை யாருக்கு என்பதில்தான். ஒரே சடங்கை மதிப்பவர்கள்தான் அதன் உரிமைக்காக வாதாடுவார்கள். சடங்கு அக்கறையற்றுப் போனால் தேருக்காக யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள்.

பொதுவாக, சடங்கைப் பற்றிய சர்ச்சை கண்ணில் பட்டால் அதை 'சடங்கு தோற்றுவிட்டது' என்று எழுதாதீர்கள். சர்ச்சையில் இரு தரப்பும் எதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று முதலில் பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியல்தான் அவர்களைச் சேர்த்து வைத்திருக்கிறது.

தேர் வரும்போது சீனர்கள் குவியல் குவியலாகத் தேங்காய் உடைக்கிறார்கள். அவர்களையும் இந்தச் சமூகத்தில் சேர்ப்பதா?

தேங்காய் உடைக்கும் அந்தப் பத்து நிமிஷத்துக்குச் சேர்க்கத்தான் வேண்டும். அதன் பிறகு எப்படி என்பதுதான் ஆய்வு.

பினாங்கில் தேருக்கு முன் தேங்காய் உடைப்பது ஒரு பெரிய காட்சி. தேர் தலை காட்டுமுன் ரோட்டோரம் காய்கள் மலையாகக் கிடக்கும். பலர் அடுக்கும்போதே எண்ணிக்கையைக் கவனமாகப் பார்ப்பார்கள், வேண்டுதலின் கணக்கு தப்பக்கூடாது. தேர் நெருங்கியதும் கையுறை போட்டவர்கள் இரண்டிரண்டாக எடுத்துத் தாரில் அடிப்பார்கள். சில நிமிஷத்தில் ரோடு முழுக்க வெள்ளை, கணுக்கால் வரை இளநீர் வாடை. தொழில் நன்றாக நடந்ததற்காக உடைக்கும் சீனக் குடும்பங்கள் தலைமுறையாக வருகிறார்கள். சிலர் தண்ணீர்ப் பந்தல் போட்டு எல்லாருக்கும் குடிக்கக் கொடுக்கிறார்கள்.

அவர்களில் ஒரு பெரியவரிடம் ஒருமுறை பேச்சுக் கொடுத்தேன். இந்த மலைச்சாமி இந்த இடத்துக்குக் காவல், நான் இந்த இடத்தில் கடை வைத்திருக்கிறேன், கும்பிடாமல் இருப்பேனா என்றார். அவர் இந்து ஆகவில்லை, தமிழ்க் குழுவிலும் சேரவில்லை. ஊரின் ஆளாக அங்கே நிற்கிறார். ஒரே சாலையில், ஒரே தேரின் முன், தமிழர்களுக்கு ஒரு 'நாங்கள்' உருவாகிறது, பினாங்குக்காரர்களுக்கு வேறொரு 'நாங்கள்' உருவாகிறது. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. சேர்ந்து செய்வதற்கு ஒரே மாதிரி நம்ப வேண்டும் என்று நினைப்பது படிப்பவர்கள் சீக்கிரம் விட வேண்டிய பழக்கம்.

நம்பிக்கை இல்லாமல், நண்பர்கள் எடுக்கிறார்கள் என்பதற்காகக் காவடி எடுக்கும் இளைஞர்களை எப்படிப் புரிந்துகொள்வது? அது போலிச் சடங்கா?

மானிடவியலாளர் ராய் ராப்பபோர்ட் இதற்கு நல்ல வழி காட்டினார். நம்பிக்கை என்பது உள்ளுக்குள் நடப்பது. ஏற்பு என்பது எல்லார் கண்முன் நடப்பது. சடங்கில் உடம்போடு கலந்துகொள்பவர் அந்தச் சடங்கின் ஒழுங்கை நான் ஏற்றேன் என்று ஊருக்குத் தெரிவித்துவிடுகிறார். மனசுக்குள் ஐயம் இருந்தாலும் அந்த ஏற்பு ரத்தாகாது. கல்யாண மேடையில் மாப்பிள்ளை மனசில் என்ன ஓடியது என்று யாரும் கேட்பதில்லை, தாலி கட்டினான் என்றால் கட்டினான்தான், அதுபோல.

ஆகவே அந்தப் பையன் நம்பினானா என்று அலசிக்கொண்டிருக்காதீர்கள். எடுத்த பிறகு அவன்மீது ஊர் என்ன எதிர்பார்க்கிறது என்று பாருங்கள். அடுத்த வருஷம் புதிதாக எடுப்பவனுக்கு இவன் துணைக்கு நடக்க வேண்டும். விரத காலத்தில் கடையில் உட்கார்ந்து மது குடித்தால் நாலு பேர் கேட்பார்கள், அதுவும் உரிமையோடு கேட்பார்கள். அந்தக் கேள்வி கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது? அவன் பொதுவில் ஏற்றதிலிருந்துதான்.

உடம்பை வருத்துவதற்கும் சமூகப் பிணைப்புக்கும் சம்பந்தம் இருக்கிறதென்று ஆதாரம் உண்டா?

உண்டு, அதுவும் தைப்பூசத்திலிருந்தே. டிமிட்ரிஸ் ஸிகலாட்டஸ் குழுவினர் மொரிஷியஸ் தீவில் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. பஜனைக் கூட்டுப் பிரார்த்தனையில் இருந்தவர்கள், அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள், காவடியோடு கூட நடந்தவர்கள் என்று ஆட்களை எடுத்தார்கள். கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, விருப்பமிருந்தால் யாருக்கும் தெரியாமல் கோயிலுக்குப் போடலாம் என்றார்கள். பிரார்த்தனையில் மட்டும் இருந்தவர்களைவிடக் காவடிக்காரர்கள் அதிகம் போட்டார்கள். வலி அதிகம் என்று சொன்னவர்கள் இன்னும் அதிகம் போட்டார்கள். எனக்கு மிக முக்கியமாகப் படுவது மூன்றாவது தரப்புதான். கூட நடந்தவர்கள் ஒரு ஊசியும் குத்திக்கொள்ளவில்லை, ஆனாலும் அவர்கள் கையும் காவடிக்காரர்களைப் போலவே தாராளமாக இருந்தது. முக்காலி தூக்கிய நண்பனையும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிய அக்காவையும் நினைத்துப் பாருங்கள், சடங்கு யார் உடம்பில் வேலை செய்கிறது என்பது விளங்கும்.

இதை எழுதும்போது ஓர் எச்சரிக்கை. இது குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த பரிசோதனை இல்லை. காவடி எடுப்பது அவரவர் முடிவு. இயல்பிலேயே கொடைமனம் உள்ளவர்கள் காவடி எடுக்க வந்திருக்கலாம். வலிக்கும் கொடைக்கும் தொடர்பு இருந்தது என்று எழுதலாம், வலிதான் கொடைமனத்தைத் தந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

இது தமிழர் அடையாளமா, இந்து அடையாளமா, மலேசிய அடையாளமா? கட்டுரையில் எதைப் போடுவது?

ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கட்டுரை கெட்டுவிடும். ஒரு ஒப்பீட்டிலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாட்டில் தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை 2021இல்தான் வந்தது. பினாங்கில் அதற்கு நெடுங்காலம் முன்பே உண்டு. கோலாலம்பூருக்கு 2008இல் கிடைத்தது, 2007 நவம்பரில் இந்தியர்கள் பெரும் பேரணியாகத் தெருவில் இறங்கிய சில மாதங்களில். தாயகத்தில் பழனியிலும் வேறு முருகன் தலங்களிலும் கொண்டாடும் ஒரு திருவிழா, கடல் கடந்த இடத்தில் ஒரு மக்களின் முகமாகவே ஆகிவிட்டது. சிறுபான்மையாக வாழும் இடத்தில், 'இத்தனை பேர் இருக்கிறோம்' என்று பொதுச்சாலையில் காட்டக் கிடைக்கும் நாள் அது. அதனால்தான் சாலைக்கு இவ்வளவு முக்கியத்துவம். கோயிலுக்குள்ளேயே முடிந்திருந்தால் இதே சடங்குக்கு இந்த வேலை இருந்திருக்காது.

அப்புறம், உள்ளே இருக்கும் பிளவையும் சொல்ல வேண்டும். அலகு குத்துவது ஆகமத்தில் இல்லை, பால்குடம் போதும் என்று சொல்லும் படித்த சைவக் குடும்பங்கள் உண்டு. அவர்களைப் பார்த்து, தோட்டத்தில் எங்கள் தாத்தா எடுத்த காவடியை நீங்கள் யார் குறை சொல்ல என்று கேட்பவர்களும் உண்டு. இதில் பக்தியோடு சேர்ந்து வர்க்கமும் பேசுகிறது. எது சரியான சடங்கு என்ற வாதத்தின் அடியில், யாரைப் பார்த்து மற்ற இனத்தார் நம்மை எடைபோட வேண்டும் என்ற கவலை இருக்கிறது. தமிழ் கிறிஸ்தவர்கள் இந்த 'தமிழர்' கணக்கில் எங்கே நிற்கிறார்கள், தெலுங்கர்களும் மலையாளிகளும் இந்த 'இந்து' கணக்கில் எப்படி வருகிறார்கள் என்பதையும் விடாதீர்கள்.

கேதரின் பெல்லைக் கட்டாயம் சேர்க்க வேண்டுமா?

பெல் சடங்குக் கோட்பாட்டை எழுதிய சமய ஆய்வாளர். ஒரு பத்தியில் முடிக்கலாம். சடங்கு என்று ஒரு பொருள் இல்லை, சில செயல்களை மற்றச் செயல்களிலிருந்து வித்தியாசமாக்கும் உத்திதான் இருக்கிறது என்பது அவர் வாதம். பால் எல்லா வீட்டிலும் உண்டு. பூச நாளில் அதே பாலைச் செம்பில் ஊற்றி, மஞ்சள் துணியால் வாயைக் கட்டி, தலையில் வைத்து, வெறுங்காலோடு, ஒரு சொட்டும் சிந்தாமல் நடக்கிறார்கள். எந்தெந்தச் சிறிய மாற்றத்தால் பால் வேறாகிறது என்று வரிசையாக எழுதிப் பார்த்தால் பெல் புரிந்துவிடுவார்.

என் அம்மா வருஷாவருஷம் பால்குடம் எடுக்கிறார். எனக்குக் கள ஆய்வுக்கு ஒரு நாள்தான் நேரம். அவரையே வைத்து எழுதலாமா?

தாராளமாக எழுதலாம், ஆனால் மகளாகக் கூடப் போனேன் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள், முதலில் அவரிடம் அனுமதியும் கேளுங்கள். அம்மாதானே என்று கேட்காமல் விடுவார்கள், அது சரியில்லை. அவர் எதற்காக வேண்டிக்கொண்டார் என்பதை எழுத வேண்டாம் என்றால் அதை விட்டுவிடுங்கள். நேர்த்திக்கடன் என்பது அவருக்கும் முருகனுக்கும் இடையில் உள்ள பேச்சு.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் கூட்டத்தைப் படம் எடுப்பதில் பொழுதைக் கழிக்காதீர்கள். அம்மாவைச் சுற்றி மூன்று முழ தூரத்துக்குள் யார் வருகிறார், என்ன வேலை செய்கிறார், யார் சொல்லாமலே செய்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். புடவைத் தலைப்பைச் சரிசெய்தவர் யார், வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்தவர் யார், படியில் மூச்சு வாங்கியபோது முழங்கையைப் பிடித்தவர் யார். பிறகு வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேர்களை அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி, இவர் நமக்கு என்ன முறை என்று கேளுங்கள். என்னிடம் படித்த ஒரு பெண் அப்படிக் கேட்டாள். படியில் முழங்கையைப் பிடித்த பெண்ணை அவள் சித்தி முறை என்று நினைத்திருந்தாள். அம்மா சிரித்துவிட்டு, "அவ யாருன்னே தெரியாதும்மா, 11 வருஷமா அதே படியில வந்து பிடிக்கிறா" என்றாராம்.